ஆறு கோதுமை மணிகள்

சிட்லபாக்கத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினொரு வயது மகளுக்குச் சீலியாக் நோய் என்று ரத்தப் பரிசோதனையிலும் குடல் திசுப் பரிசோதனையிலும் உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குச் சப்பாத்தி இல்லை, பிரெட் இல்லை, பிஸ்கட் இல்லை. ராத்திரிக்கு ராகி அடை, காலையில் ராகிக் கஞ்சி. ஆனாலும் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் அளவு மருத்துவர் எதிர்பார்த்த வேகத்தில் இறங்கவில்லை. உங்கள் மாமியார் களி கிண்டிய கையைக் காட்டி, “இப்படி ஒட்டுதே, இதுல பசை இல்லாமலா இருக்கும்?” என்று கேட்டதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எதிலும் கிடையாது. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் இல்லாதது போலவே இவற்றிலும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும் ராகி மாவில் குளூட்டன் இருக்கலாம். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். குளூட்டன் என்ற லத்தீன் சொல்லுக்கே பசை என்றுதான் பொருள். அவர் பார்த்த ஒட்டல் மட்டும் வேறு. களி ஒட்டுவது வெந்த மாவுச்சத்தால். சோறு குழைந்தால் ஒட்டுகிறதே, அதே கதை. கோதுமையின் பசை புரதத்தால் ஆனது, அதற்கு வேகவே வேண்டியதில்லை, தண்ணீரும் பிசையலும் போதும். வித்தியாசத்தை அவர் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. 100 கிராம் கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் போல் பிசைந்து அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு விரல்களால் மெதுவாக அலசி, வெள்ளைத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் தெளியும். கையில் சூயிங்கம் போல ஒரு சாம்பல் நிற உருண்டை மிஞ்சும், ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் போலோன்யா நகரத்தில் பெக்காரி என்பவர் 1728இல் இப்படித்தான் மாவைக் கழுவி இதை முதலில் பிரித்துக் காட்டினார். அடுத்து ராகி மாவைப் பிசைந்து அதே மாதிரி அலசுங்கள். அது கரைந்து ஓடிப் போகும். கையில் உமியும் தவிடும்தான் தங்கும். (இதை உங்கள் மகள் சாப்பிடாத பாத்திரத்தில் செய்து, முடிந்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள். கோதுமைக் கழுவல் தண்ணீர் வேறு எதிலும் தெறிக்க வேண்டாம்.)

ராகி அடையைச் சப்பாத்திபோல் கட்டையால் தேய்க்க முடியாததும், கொதிநீர் விட்டுக் கிளறி ஈரத் துணியிலோ வாழையிலையிலோ தட்ட வேண்டியிருப்பதும் இந்தக் குளூட்டன் வலை இல்லாததால்தான். மாவு “சொல்பேச்சு கேட்க” வேண்டும் என்று அதில் ஒரு பிடி கோதுமை மாவைச் சேர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சேர்க்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுதான் பிடிபடாமல் நீடிக்கும்.

சீலியாக் நோயாளியின் குடல் எதிர்க்கும் புரதங்கள் கோதுமையிலும், அதன் நெருங்கிய உறவான பார்லியிலும், ரை என்னும் தானியத்திலும் உண்டு. இவை மூன்றும் புல் குடும்பத்தின் ஒரே கிளை. நம் சிறுதானியங்களும் புல் குடும்பம்தான், ஆனால் வேறு கிளைகள். அவற்றிலும் புரதம் இருக்கிறது, ஆனால் அந்த நோயைத் தூண்டும் துண்டு அதில் இல்லை. பெயரை வைத்து ஏமாற வேண்டாம். பார்லி “வாற்கோதுமை” என்ற பெயரில் சிறுதானியக் கடை அலமாரியிலேயே சாமைக்குப் பக்கத்தில் இருக்கும், அது ஆகாது. “மால்ட்” என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் பார்லி. ராகி மால்ட் என்பது முளைகட்டிய ராகி. ஓட்ஸ் தனி விவகாரம், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சரி, இப்போது மில்லுக்கு வருவோம்.

நீங்கள் மாதத்துக்கு இரண்டு கிலோ ராகியைக் கழுவி, காயவைத்து, பக்கத்து மில்லில் கொடுத்து அரைப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. சேலையூர்ப் பக்கம் ஒரு மில்லில் அரை மணி நேரம் நின்று வரிசையைப் பார்த்தேன். ஒரு அம்மா சப்பாத்திக்குக் கோதுமை கொண்டுவந்தார், அடுத்தவர் இட்லிப்பொடிக்கு, அதற்கடுத்தவர் ராகிக்கு. இட்லிப்பொடிக்கும் மிளகாய்க்கும் தனி இயந்திரம். மாவில் காரம் ஏறினால் சண்டை வந்துவிடும் என்பதால் அதில் கறாராக இருக்கிறார்கள். கோதுமையும் ராகியும் அரிசியும் ஒரே இயந்திரம்தான். ராகியில் கோதுமை கலந்தால் யார் நாக்கும் சொல்லாது, அதனால் யாரும் கேட்பதில்லை. மில்காரர் மீது பிழை இல்லை. அவரிடம் இப்படி ஒரு தேவை இருப்பதை யாரும் சொன்னதில்லை.

இயந்திரத்தில் மாவு எங்கே தங்கும்? தட்டுகளுக்கு இடையில், உள்ளே விழும் தொட்டியின் மூலைகளில், மாவு இறங்கும் துணிக்குழாயின் மடிப்புகளில். கோதுமை அரைத்துவிட்டு ராகியைக் கொட்டினால், உள்ளே இருந்ததைத் தள்ளிக்கொண்டு ராகி வெளியே வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவு என் அனுமானம், விகிதம் மாறாது. உள்ளே இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம் கோதுமை மாவு தங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ராகி இரண்டு கிலோ. ஆக ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் கோதுமை. கோதுமை மாவில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு குளூட்டன். பத்து கிராமில் சுமார் 850 மில்லிகிராம். “குளூட்டன் இல்லாதது” என்று சட்டப்படி எழுத, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சர்வதேசத் தரமும் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். உங்கள் மாவு அந்த எல்லையை நாற்பது மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. கண்ணுக்கும் நாவுக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த 20 மில்லிகிராம் எவ்வளவு சிறியது என்பதை நான் எல்லோரிடமும் மணிக் கணக்கில்தான் சொல்வேன். ஒரு கோதுமை மணி ஏறக்குறைய 40 மில்லிகிராம் எடை. அதில் மூன்றரை மில்லிகிராம் குளூட்டன். ஆக ஒரு கிலோ ராகிக்கு ஐந்து கோதுமை மணி வரைதான். ஆறாவது விழுந்தால் எல்லை தாண்டியது.

உங்கள் மகளுக்குத் திரும்புவோம். அவள் ஒரு நாளில் அடையும் கஞ்சியுமாக நூறு கிராம் மாவு சாப்பிடுகிறாள் என்றால், மேலே சொன்ன மாவில் அது 85 மில்லிகிராம் குளூட்டன். இத்தாலியில் 2007இல் வெளியான ஒரு ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் எடுத்த சீலியாக் நோயாளிகளின் குடலில் சத்தை உறிஞ்சும் மென்மையான மேற்பரப்பு கெட்டது தெரிந்தது. பத்து மில்லிகிராமுக்கு உட்பட்டால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இருப்பதில்லை என்பதுதான் இப்போதைய எண்ணம். ஒரு சப்பாத்தி கூடச் சாப்பிடாமல் உங்கள் மகள் இந்த இரண்டு அளவையும் தாண்டியிருக்க முடியும். இது இந்தியாவுக்கு மட்டுமான கதையும் இல்லை. அமெரிக்காவில் 2010இல் இயல்பாகவே குளூட்டன் இல்லாத 22 தானிய, மாவு வகைகளைக் கடையில் வாங்கிப் பார்த்தபோது ஏழு அந்த 20 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருந்தன. அவற்றில் எதிலும் கோதுமை சேர்த்ததாக யாரும் எழுதவில்லை.

மில்லை எப்படித் தவிர்ப்பது? என் பதில் மிகச் சாதாரணமானது: மாவு வாங்காதீர்கள், மணி வாங்குங்கள். மாவில் கலந்த கோதுமை கண்ணுக்குத் தெரியாது, மணியில் தெரியும். ராகி கடுகு மாதிரிச் சிறியது, அதன் நடுவே கோதுமை மணி மலைபோல் நிற்கும். தாம்பாளத்தில் பரப்பிப் புடைத்து, பொறுக்கி, மூன்று தண்ணீர் கழுவுங்கள். கழுவுவதால் மணிமேல் ஒட்டிய தூசியும் போகும். சந்தையில் வாங்கும்போது ராகி மூட்டை கோதுமை மூட்டைக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தால், ஒரே அளவைப்படியால் அள்ளினால், வேறு கடை பாருங்கள்.

இனி அரைப்பது. தோசைக்கும் கஞ்சிக்கும் உலர்மாவே தேவையில்லை என்பது நாம் மறந்துபோன விஷயம். ராகியை எட்டு மணி நேரம் ஊறவைத்து கிரைண்டரில் உளுந்தோடும் கொஞ்சம் அரிசியோடும் சேர்த்து அரைத்தால் ராகி தோசை மாவு. உங்கள் கிரைண்டர் அரிசியையும் உளுந்தையும் தவிர எதையும் பார்த்திருக்காது. வீட்டிலேயே பாதுகாப்பான இயந்திரம் அதுதான். கஞ்சிக்கு, ஊறிய ராகியை அரைத்து துணியில் பிழிந்தால் ராகிப் பால். குழந்தைகளுக்கு நம் பாட்டிகள் கொடுத்தது அதைத்தான். அடைக்கு மட்டும் உலர்மாவு வேண்டும். அதற்கு ஊறவைத்து, துணியில் முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து மிக்ஸியில் அரையுங்கள். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் பழைய மாவு தங்கும், கழற்றிக் கழுவுங்கள். அதைவிட ஆபத்து சல்லடை. கோதுமை சலித்த சல்லடையின் கம்பி வலையிலிருந்து அந்த மாவைக் கழுவி எடுக்கவே முடியாது. மகளுக்கு ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி தனியாக வாங்குங்கள். சப்பாத்திப் பலகையும் உருளையும் அவள் அடைக்கு வேண்டாம். தோசைக்கல்லை எல்லோருக்கும் பயன்படுத்தலாம், நன்றாகக் கழுவியிருந்தால். ஆனால் சப்பாத்தி சுட்ட கல்லிலேயே, அதன் உலர்மாவு கருகி ஒட்டியிருக்க, அடுத்து தோசை ஊற்றக் கூடாது.

நேரமே இல்லை, மில்தான் வழி என்ற நாளில், காலையில் முதல் ஆளாகப் போய், “என் மகளுக்குக் கோதுமை ஒத்துக்காது, மெஷினைத் துடைச்சிட்டு முதல்ல என் அரிசியை ஒரு கிலோ ஓட்டிடுங்க, அப்புறம் ராகி” என்று சொல்லலாம். அந்த முதல் அரிசி மாவை வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தட்டும். ஆபத்து குறையும், ஒழியாது. மகளின் எதிர்ப்பொருள் இறங்கும் வரை இதைத் தவிர்ப்பதே நல்லது.

கடையில் பாக்கெட்டாக வருவதில் உங்களுக்கு நான் மூன்று இடங்களை மட்டும் காட்டுகிறேன். ராகி சேமியா: பல பிராண்டுகளில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், ஏனென்றால் தனி ராகியை இழையாக நிறுத்துவது சிரமம். சத்துமாவு: பத்து தானியம் என்றால் கோதுமையும் பார்லியும் பெரும்பாலும் இடம்பிடிக்கும். மூன்றாவதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்: பெருங்காயம். சுத்தமான பிசின் கடுமையானது என்பதால் கடையில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். அதுதான் ரசத்திலும் சாம்பாரிலும் ஊறுகாயிலும் தினம் விழுகிறது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். கோதுமை கலந்தால் அதைப் பொட்டலத்தில் ஒவ்வாமை அறிவிப்பாகக் குறிப்பிட வேண்டும் என்பது இங்குள்ள விதி. முன்பக்கத்தில் பெரிதாக “ராகி” என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது விளம்பரம், பின்பக்கம்தான் வாக்குமூலம்.

கடிதத்தின் கடைசியில் உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: “அப்படின்னா வீட்டுல எல்லாருமே கோதுமையை விட்டுட்டு ராகிக்கு மாறிடலாமே, ராகிதானே சத்து?” சேர்த்துச் சமைக்கும் வசதிக்காக என்றால் மாறட்டும். சத்துக்காக என்றால், ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். 100 கிராமுக்குக் கலோரி இரண்டிலும் சுமார் 320தான். நார்ச்சத்தும் இரண்டிலும் 11 கிராம் ஒட்டியே வருகிறது. இரும்புச்சத்திலும் பெரிய பேதம் இல்லை. புரதத்தில் கோதுமை முந்துகிறது: 10.6 கிராம், ராகி 7.2. கால்சியத்தில் மட்டும் போட்டியே இல்லை: கோதுமையில் சுமார் 31 மில்லிகிராம், ராகியில் 364. உங்கள் மகளுக்கு இந்த ஒன்று முக்கியம், ஏனென்றால் குடல் ஆறும் வரை கால்சியம் சரியாக உறிஞ்சப்படாது. ஆனால் ராகியில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபைடேட் என்ற பொருளும் உண்டு. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கும். நம் கூழ் இரவெல்லாம் புளிப்பதற்கு ருசி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது என்று தோன்றும். குறைந்த புரதத்துக்கு உளுந்தும் பருப்பும் தயிரும் துணை.

உங்கள் மாமனார் சர்க்கரை நோய்க்காக ராகிக் கஞ்சிக்கு மாறியிருப்பதாகவும் ஒரு வரி இருந்தது. அது வேறு கடிதம். இப்போதைக்கு ஒன்று: மாவுச்சத்து கோதுமை, ராகி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடிப்பது ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். அடையாகச் சாப்பிடட்டும், அளவைப் பார்க்கட்டும்.

உங்கள் மகளுக்கு வந்த இந்த நோய் தமிழ்நாட்டில் அரிதாகத் தெரிவதற்கு என்ன காரணம் என்று கேட்டிருந்தீர்கள். 2016இல் வேலூர், டெல்லி ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடம் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது, தெற்கில் 0.10 பேரிடம்தான். நோய்க்கு வழிவிடும் மரபணு இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. மாறியது தட்டு. அங்கே ஆளுக்கு ஒரு நாளில் சுமார் 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். நம் தாம்பரம் வட்டாரத்தில் ராத்திரிச் சப்பாத்தி எப்போது வழக்கமானது என்று எண்ணிப் பார்த்தால், இங்கும் மருத்துவர்கள் இதைத் தேட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பேன். அதனால் கோதுமை விஷம் ஆகிவிடாது. சீலியாக்கும் கோதுமை ஒவ்வாமையும் இல்லாதவர் அதைச் சாப்பிடுவதில் தவறில்லை.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், உங்களுக்கு இல்லை, உங்கள் நாத்தனாருக்கு. அவர் வயிறு உப்புகிறது என்று இரண்டு மாதமாகக் கோதுமையை விட்டுவிட்டு, இப்போது பரிசோதனை செய்யலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோதுமையை நிறுத்திய பிறகு செய்தால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மருத்துவரிடம் எப்போது நிறுத்தினேன் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். பரிசோதனைக்காக மீண்டும் சில வாரம் சாப்பிடச் சொல்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் மகள் விஷயத்திலும் நான் மில்லைத்தான் குற்றவாளியாக்கினேன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எதிர்ப்பொருள் இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், சிலருக்கு எட்டு மாதம் என்பது பாதி வழி. மாவை மாற்றிய தேதியை எழுதி வையுங்கள், பெருங்காயம், சத்துமாவு நிறுத்திய தேதியையும். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை அந்தத் தேதிகளோடு மருத்துவரிடம் கொண்டுபோனால், பேச ஏதாவது இருக்கும்.

ஆடியில் உங்கள் தெரு அம்மன் கோவிலில் ஊற்றும் கூழை அவள் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூழில் ராகியும் அரிசி நொய்யும் மோரும்தான், சேர்மானத்தில் கோதுமை கிடையாது. மாவு எங்கே அரைத்தது என்பதுதான் கேள்வி, அதற்குத் திருவிழாக் குழுவினரால் பதில் சொல்ல முடியாது. வீட்டு மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் முன்னதாகவே புளிக்க வைத்து, மறுநாள் நொய்யை வேகவைத்து அதில் கரைசலை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டி, ஆறியதும் மோரும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு தூக்கில் கொண்டுபோங்கள். அம்மன் முன்னால் எல்லோரும் வரிசையில் உட்காரும்போது அவள் சொம்பில் மட்டும் அதை ஊற்றுங்கள். நொய்யைச் சலிக்கும்போதும் கோதுமை சலித்த சல்லடையை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்,
சேலையூர்